திருத்திய பட்டியலும் கூடவே ஒரு கடிதமும்

துணைநூற்பட்டியலைப் பார்த்துத் தரும்படி நண்பர் கேட்டால், திருப்பி அனுப்பும்போது இரண்டு தாள்கள் போக வேண்டும். ஒன்று, குறிகள் போட்ட பட்டியல். மற்றது, அந்தக் குறிகள் ஏன் விழுந்தன என்று சொல்லும் கடிதம். பட்டியலின் ஓரத்தில் இடம் குறைவு. ஓர் ஆண்டை அடித்துவிட்டு வேறோர் ஆண்டை எழுதலாம், அவ்வளவுதான். வெறும் அடித்தல் திருத்தலோடு வந்த தாளைப் பார்ப்பவருக்கு, திருத்தியவர் எதை வைத்துத் திருத்தினார் என்று தெரியாது. அதை அப்படியே ஏற்றுக்கொள்வதா, மறுபடி நூலகத்துக்கு நடப்பதா என்றும் தெரியாது. அந்தக் குழப்பத்தைத் தீர்ப்பதுதான் கடிதத்தின் வேலை. காரணம் சொல்லாத திருத்தத்தை எவ்வளவு இனிமையாக எழுதினாலும் அது அதிகாரமாகவே படும்.

ஒரு பட்டியலை எடுத்துக்கொண்டு பார்க்கலாம். கல்லூரியில் தமிழ் கற்பிக்கும் ஒருவர், பழந்தமிழ் நூல்கள் ஏட்டிலிருந்து அச்சுக்கு வந்த வரலாற்றைப் பற்றி ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். கருத்தரங்கத் தொகுப்பு நூலில் அது வரப்போகிறது. பட்டியலில் ஏறத்தாழ நாற்பது பதிவுகள். அதைத் தன்னோடு எம்.ஏ. படித்த தோழிக்கு அனுப்பி, “கண் ஓட்டிப் பார்த்துக் கொடு” என்று கேட்டிருக்கிறார். தோழிக்கு அச்சுப்பிழை பார்த்த அனுபவம் உண்டு. இப்படிக் கேட்டவருக்கும் பார்ப்பவருக்கும் நடுவே உரிமை இருக்கிறது. அந்த உரிமையிலேயே மனத்தாங்கலும் எளிதில் வந்துவிடும்.

முதல் வாசிப்பில் பென்சிலைத் தொடாமல் இருப்பது நல்லது. பட்டியலுக்கென்று ஒரு முறை இருக்கும்: ஆண்டு பெயரை அடுத்து வருகிறதா, இறுதியில் வருகிறதா; நூல் பெயர் சாய்வெழுத்திலா, மேற்கோள் குறிக்குள்ளா; ஊர் முன்னாலா, பதிப்பகம் முன்னாலா. அது பிடிபடாமல் குறி போட ஆரம்பித்தால், எழுதியவர் தெரிந்தே பின்பற்றிய வழக்கத்தை எல்லாம் பிழை என்று வட்டமிட்டுவிட நேரும். இன்னொன்றும் உண்டு. கட்டுரைக்குள் சுட்டிய நூல் ஒவ்வொன்றும் பட்டியலில் இருக்கிறதா, பட்டியலில் உள்ள ஒவ்வொன்றும் கட்டுரைக்குள் எங்காவது வருகிறதா என்று பார்க்கக் கட்டுரையும் கையில் வேண்டும். பட்டியல் மட்டும் வந்திருந்தால் இந்தச் சோதனை நடக்கவில்லை என்பதைக் கடிதத்தின் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால், “அவள் பார்த்துவிட்டாள்” என்ற நம்பிக்கையில் அந்த ஓட்டை அச்சு வரைக்கும் போகும்.

பிறகு பென்சில். சிவப்பு மையை விட பென்சில் நல்லது என்பதற்கு மனநலக் காரணம் சொல்பவர்கள் உண்டு. உண்மையான காரணம் அதைவிடச் சாதாரணமானது. திருத்துபவரும் தவறு செய்வார், அப்போது அழிக்க முடியவேண்டும். கணினியில் பார்ப்பவர்கள் மாற்றங்களைத் தடம் காட்டும் வசதியைப் போட்டுக்கொண்டால் அதே பயன் கிடைக்கும். குறிகளில் முக்கியமானது, பிழை என்று உறுதியாகத் தெரிந்ததற்கு ஒரு குறி, ஐயம் மட்டும் என்றால் வேறொரு குறி என்ற பாகுபாடு. தோழி உறுதியானதை அடித்து எழுதுகிறார். ஐயமானதைத் தொடாமல் ஓரத்தில் கேள்விக்குறி மட்டும் வைக்கிறார். ஒவ்வொரு குறிக்கும் ஓர் எண். கடிதம் அந்த எண் வரிசையில் போகிறது.

பட்டியலிலேயே பெரிய பிழை முதல் பக்கத்தில் இருந்தது. 1887ஆம் ஆண்டில் வந்த கலித்தொகைப் பதிப்பு உ.வே. சாமிநாதையர் பெயரில் பதிவாகியிருந்தது. கலித்தொகையை நச்சினார்க்கினியர் உரையோடு அந்த ஆண்டு பதிப்பித்தவர் சி.வை. தாமோதரம் பிள்ளை. சாமிநாதையர் அதே 1887இல் வெளியிட்டது சீவக சிந்தாமணி. பத்துப்பாட்டு 1889, சிலப்பதிகாரம் 1892, புறநானூறு 1894, மணிமேகலை 1898 என்று அவருடைய பதிப்புகள் அடுத்தடுத்து வந்ததால், அந்தக் காலத்தில் அச்சேறிய சங்க நூல் என்றாலே அவர் பெயர் கைக்கு வந்துவிடுகிறது. பதிப்பு வரலாற்றைப் பற்றிய கட்டுரையிலேயே இந்தத் தவறு இருப்பதால் இதை மென்மையாக மூடி மறைக்க இயலாது. அதே நேரத்தில், “இதுகூடத் தெரியாதா” என்ற தொனி ஒரு சொல்லில் வந்தாலும் கெட்டது. தோழி எழுதியது இப்படி:

“3ஆம் குறி: கலித்தொகை 1887 பதிப்பு தாமோதரம் பிள்ளையுடையது. அதே வருஷம் ஐயரின் சிந்தாமணியும் வந்ததால் இரண்டும் ஒன்றோடொன்று கலந்துபோயிருக்கும். உன் குறிப்பு நோட்டில் சிந்தாமணிக்கும் கலித்தொகைக்கும் அடுத்தடுத்து எழுதியிருக்கிறாயா என்று பார். கட்டுரையின் நாலாம் பக்கத்தில் ‘ஐயர் தம் கலித்தொகை முன்னுரையில்’ என்று ஒரு வாக்கியம் வருகிறதே, அது எந்த முன்னுரை? பிள்ளையின் பதிப்புரையாக இருந்தால் பெயரை மட்டும் மாற்றினால் போதும். வேறு எதிலிருந்தாவது எடுத்ததென்றால் வாக்கியத்தையே மாற்ற வேண்டியிருக்கும்.”

இதில் பிழை எது என்பது முதல் வாக்கியத்திலேயே வந்துவிடுகிறது. “ஒருவேளை மறுபரிசீலனை செய்யலாமோ” என்று சுற்றி வளைக்கவில்லை. உறுதியாகத் தெரிந்த பிழையை ஐயம்போல எழுதினால் படிப்பவர் அதை விருப்பத்துக்கு விட்டது என்று நினைத்துத் தாண்டிவிடுவார். கனிவு இரண்டாம் வாக்கியத்தில் இருக்கிறது: பிழை எப்படி நேர்ந்திருக்கும் என்பதற்கு நம்பத்தக்க வழியைக் காட்டுகிறது. அது நண்பரைத் தட்டிக்கொடுப்பதற்காக மட்டும் எழுதியதும் அல்ல. பிழையின் பிறப்பிடம் குறிப்பு நோட்டு என்றால், அதே பக்கத்தில் இன்னொரு பிழையும் இருக்கக்கூடும்; எழுதியவர் மட்டுமே அதைப் போய்ப் பார்க்க முடியும். மூன்றாவதாக, பட்டியலில் ஒரு பெயர் மாறுவதால் கட்டுரைக்குள் எது ஆட்டம் காணும் என்றும் கடிதம் சொல்லிவிடுகிறது. பட்டியலை மட்டும் திருத்தி, உள்ளே பழைய பெயரை விட்டுவைத்த கட்டுரைகள் அச்சில் ஏராளம்.

தமிழில் இந்தக் குழப்பத்துக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. பழைய நூலின் பதிவில் மூவர் வருவார்கள்: பாடிய புலவர், உரை எழுதியவர், ஏடுகளை ஒப்பிட்டு அச்சுக்குக் கொண்டுவந்தவர். பணம் போட்டு வெளியிட்டவர் நாலாவது ஆள். பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தலைப்புப் பக்கங்கள் பலவற்றில் அச்சுக்கூடத்தின் பெயர்தான் பெரிதாக இருக்கும்; அச்சுக்கூடம் கூலிக்கு அச்சடித்த இடமே தவிர வெளியீட்டாளர் அல்ல. பல நூல்களில் பதிப்பித்தவரே முன்பணம் திரட்டி வெளியிட்டும் இருப்பார். ஆகவே தோழி, அச்சுக்கூடத்தைப் பதிப்பகம் என்று போட்டிருந்த மூன்று பதிவுகளுக்கும் சேர்த்து ஒரே குறிப்பு எழுதினார். ஒரே வகைப் பிழைக்கு மூன்று முறை காரணம் எழுதினால் படிப்பவருக்கு அது மூன்று பிழையாகக் கனக்கும்.

அடுத்தது என் சரித்திரம். பட்டியலில் இருபத்தோராம் நூற்றாண்டு மறுபதிப்பின் ஆண்டு மட்டும் இருந்தது. எழுதியவர் கையில் இருந்த புத்தகம் அதுதான், ஆகவே பதிவு பொய்யல்ல. ஆனால் கட்டுரைக்குள் அடைப்புக்குறியில் அந்த ஆண்டோடு ஐயர் பெயர் வரும்போது, 1942 ஏப்ரலில் மறைந்தவர் இந்த நூற்றாண்டில் பேசுவதுபோல ஆகிவிடுகிறது. அந்த நூல் 1940 ஜனவரியிலிருந்து ஆனந்த விகடனில் தொடராக வந்து, அவர் மறைவோடு முடிவுபெறாமல் நின்று, 1950இல் புத்தகமாயிற்று. இவற்றுள் எந்த ஆண்டைப் போடுவது என்பதில் திருத்துபவர்களே தடுமாறுவதுண்டு. சிலர் மறுபதிப்பின் ஆண்டை அடித்துவிட்டு 1950 என்று எழுதிவிடுவார்கள். அது முதல் பிழையைவிட மோசம். கட்டுரையில் காட்டிய பக்க எண்கள் மறுபதிப்பின் பக்க எண்கள். 1950ஆம் ஆண்டுப் புத்தகத்தை எடுத்து அந்தப் பக்கத்தைத் திறப்பவருக்கு வேறு ஏதோ கிடைக்கும். பட்டியலில் உள்ள ஒவ்வொரு பதிவும் வாசகர் அந்த நூலைத் தேடிப் போவதற்கான முகவரி. வீட்டு எண்ணை ஒரு தெருவிலிருந்தும் தெருப் பெயரை இன்னொன்றிலிருந்தும் எடுத்தால் ஆள் போய்ச் சேரமாட்டார்.

எனவே தோழி எதையும் அடிக்கவில்லை, சேர்க்க மட்டும் செய்தார்: மறுபதிப்பின் ஆண்டு அப்படியே இருக்க, அடுத்து “முதற்பதிப்பு 1950” என்று. கடிதத்தில், “நீ போட்டது சரி, நீ பார்த்த பிரதிதான் இருக்க வேண்டும். முதற்பதிப்பு ஆண்டையும் சேர்த்தால், இது 1940களின் குரல் என்பது படிப்பவருக்கு உடனே தெரியும். தொடராக வந்த காலம் உன் வாதத்துக்குத் தேவையென்றால் கட்டுரைக்குள் ஒரு வரியில் சொல், பட்டியலில் மூன்று ஆண்டு வேண்டாம்” என்று எழுதினார். “நீ போட்டது சரி” என்பது இங்கே உபசாரம் இல்லை. குறைபாட்டைப் பிழையென்று எண்ணி மறுபதிப்பின் ஆண்டை எடுத்துவிடக் கூடாது என்பதற்காக எழுதியது.

பெயர்களில்தான் மிகுந்த தொல்லை. மேற்கோள் மென்பொருளில் பட்டியல் தயாரித்தால், அது பெயரின் கடைசிச் சொல்லைக் குடும்பப்பெயர் என்று எடுத்துக்கொள்ளும். அப்படித்தான் தாமோதரம் பிள்ளை “பிள்ளை, சி.வை. தாமோதரம்” என்று பகரத்தில் போய் உட்கார்ந்திருந்தார். வேறு சில பிள்ளைகளும் அங்கேயே வரிசையாக இருந்தார்கள். ஐயர், முதலியார், செட்டியார் என்று முடியும் பெயர்களுக்கும் இதே கதி. தமிழ்ப் பெயரில் அந்தக் கடைசிச் சொல் குடும்பப்பெயர் அல்ல, முன்னெழுத்துகளும் அல்ல. சி.வை. என்பதில் முதல் எழுத்து யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டி என்ற ஊர், இரண்டாவது தந்தை வைரவநாதர். உ.வே. என்பதில் உத்தமதானபுரமும் தந்தை வேங்கடசுப்பையரும் இருக்கிறார்கள். இயற்பெயரை முதலில் வைத்து, காற்புள்ளி இட்டு, முன்னெழுத்துகளைப் பின்னால் போடுவது தமிழ்ப் பட்டியல்களில் பரவலான வழக்கம்: “தாமோதரம் பிள்ளை, சி.வை.” தகரத்தில் தேடுபவருக்கு அவர் அங்கே கிடைப்பார்.

ஆனால் ஸோட்டெரோ போன்ற மென்பொருளில் பெயரை இரண்டு கட்டங்களாகப் பிரிக்காமல் ஒரே கட்டத்தில் இடவும் வழி உண்டு. அதைச் சொல்லாமல் பன்னிரண்டு பெயர்களையும் கையால் திருத்திக் கொடுத்தால், நண்பர் அடுத்த முறை பட்டியலைப் புதுப்பிக்கும்போது எல்லாம் பழையபடி ஆகிவிடும். கடிதம் ஆகவே திருத்தத்தைவிடப் பிழை பிறக்கும் இடத்தைக் காட்டியது: “12 முதல் 23 வரை உள்ள குறிகள் எல்லாம் ஒரே காரணம், மென்பொருள் செய்த வேலை. தாளில் திருத்தாதே, மூலப் பதிவில் பெயரை ஒற்றைக் கட்டத்துக்கு மாற்று. ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும்.” பன்னிரண்டு குறிகளைக் கண்டு சோர்ந்துபோயிருப்பவருக்கு, அவை ஒரே காரணத்தின் பன்னிரண்டு முகங்கள் என்று தெரிவதே பெரிய ஆறுதல்.

அகரவரிசையிலும் இதே கதைதான், கொஞ்சம் நுட்பமாக. குன்றக்குடி அடிகளாரின் நூல் முன்னாலும் சுன்னாகம் அ. குமாரசுவாமிப் புலவரின் நூல் பின்னாலும் இருந்தன. தமிழ் நெடுங்கணக்கில் னகரம் கடைசி எழுத்து. மகரம் அதற்கு வெகு முன்னால் வருவது. ஆகவே குமாரசுவாமி முந்தவேண்டும். கணினிக் குறியீட்டு அட்டவணையில் னகரம் நகரத்தை ஒட்டி, பகரத்துக்கு முன்னாலேயே வைக்கப்பட்டிருக்கிறது. றகரம் ரகரத்தை அடுத்தும், ளகரமும் ழகரமும் வகரத்துக்கு முன்பும் இருக்கின்றன. தமிழ் அகரவரிசை விதி அமைக்கப்பட்ட மென்பொருள் இதைச் சரிசெய்துகொள்ளும்; அது இல்லாமல் வெறும் குறியீட்டு எண்ணால் அடுக்கினால் இந்தக் குழப்பம் வரும். கண்டுபிடிக்க எளிய வழி, ன, ற, ழ, ள இரண்டாம் எழுத்தாக வரும் பெயர்களை மட்டும் பார்ப்பது. தமிழ்ப் பெயர் இந்த எழுத்துகளில் தொடங்காது என்பதால் முதல் எழுத்தளவில் பட்டியல் ஒழுங்காகவே தெரியும், பிழை உள்ளே ஒளிந்திருக்கும். கடிதத்தில் இதற்கு ஒரு வரி போதும்.

பழைய நூல்களின் ஆண்டுக்கு வந்தால் வேகம் குறைகிறது. ஒரு சிறு வெளியீட்டின் அட்டையில் “ஜய வருடம் மாசி மாதம்” என்று மட்டும் இருக்கிறது. பட்டியலில் 1894. ஜய ஆண்டு 1894 ஏப்ரல் நடுவில் பிறந்து 1895 ஏப்ரல் நடுவில் முடிந்தது. மாசி என்றால் பிப்ரவரி, மார்ச் மாதங்கள். ஆகவே அது 1895. தை பிறந்தது முதல் பங்குனி முடியும் வரை உள்ள மாதங்களுக்கு ஆங்கில ஆண்டு ஒன்று கூடிவிடும்; மார்கழி இரண்டிலும் கால் வைத்திருக்கும். மாதமே இல்லையென்றால் 1894–95 என்று இரண்டையும் சேர்த்துப் போடுவதுதான் நேர்மை.

அதோடு முடிந்ததா என்றால் இல்லை. அறுபது ஆண்டுச் சுழற்சியில் ஜய 1954இலும் வந்தது. எந்தச் சுற்று என்று எப்படித் தீர்மானிப்பது? விலை அணாவில் இருப்பது உதவாது, அணாக் கணக்கு 1957 வரை இருந்தது. எழுத்து வடிவமும் உதவாது, தமிழ்நாட்டு அரசின் எழுத்துச் சீர்திருத்தம் 1978இல்தான் வந்தது. ஆனால் முன்னுரையில் பெயர்களுக்கு முன்னால் இருக்கும் பட்டங்கள் பேசும். இந்த வெளியீட்டின் முகவுரை சாமிநாதையரை “மகாமகோபாத்தியாய” என்று குறிப்பிடுகிறது. அந்தப் பட்டம் அவருக்குக் கிடைத்தது 1906இல். 1895இல் அச்சான நூல் அதைச் சொல்ல வழியில்லை. எனில் இது 1955 பிப்ரவரி அல்லது மார்ச்சில் வந்த நூல், ஒருவேளை பழையதொன்றின் மறுபதிப்பு. தோழி இங்கே ஆண்டை அடித்து எழுதவில்லை. கேள்விக்குறி வைத்து, பட்டத்தைச் சுட்டிக்காட்டி, “பின்னட்டையில் வேறு ஏதாவது தேதி இருக்கிறதா, புத்தகம் உன்னிடம்தானே இருக்கிறது” என்று கேட்டார். அவர் பார்த்தது முகவுரையின் ஒளிப்படம் மட்டுமே. கையில் புத்தகம் உள்ளவர் தீர்மானிக்க வேண்டியதைக் கையில் இல்லாதவர் தீர்மானிக்கக் கூடாது.

பட்டியலின் நடுவில் 2040ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரு நூலும் இருந்தது. திருவள்ளுவர் ஆண்டு. 31ஐக் கழித்தால் 2009. இதற்கு விளக்கம் ஒரு வரிதான். சிரிக்கவும் இடம் உண்டு, தோழி அந்த வாய்ப்பை விடவில்லை.

கூச்சம் தரும் பகுதி இனிதான். ஓர் ஆங்கிலக் கட்டுரையின் பதிவில் தொடக்கப் பக்க எண் தவறாக இருந்தது. தவறு என்பதைவிட, அதே தவறு பத்தாண்டுக்கு முன் வந்த வேறொரு நூலின் பட்டியலிலும் அப்படியே இருந்தது என்பதே சங்கடம். இருவர் தனித்தனியாக ஒரே இலக்கத்தில் தவறுவது அரிது. ஒருவர் பட்டியலிலிருந்து மற்றவர் எடுத்திருக்கிறார் என்பதே பொருத்தமான விளக்கம். சிம்கின், ராய்சௌத்ரி என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2003இல் இதைக் கணக்காகவே போட்டுக் காட்டினார்கள். புகழ்பெற்ற ஓர் இயற்பியல் கட்டுரையை மேற்கோள் காட்டிய ஏறத்தாழ 4,300 இடங்களில் 196 பிழைகள் இருந்தன. ஆனால் அவற்றில் தனித்தனி வகைப் பிழை 45தான். ஒரே பக்க எண் பிழை மட்டும் 78 முறை திரும்பத் திரும்ப வந்திருந்தது. மேற்கோள் காட்டுபவர்களில் ஐந்தில் ஒருவரே மூலக் கட்டுரையைப் படிக்கிறார் என்பது அவர்கள் இதிலிருந்து செய்த மதிப்பீடு. அந்த விகிதத்தை மறுப்பவர்கள் உண்டு. படித்துவிட்டும் பதிவை மட்டும் வேறிடத்திலிருந்து எடுத்து ஒட்டலாமே என்பது அவர்கள் வாதம், அது நியாயமானதும்கூட.

கடிதம் எழுதுபவருக்கு அந்த வாதமே வழி காட்டுகிறது. நண்பர் மூலத்தைப் படித்தாரா, படிக்கவில்லையா என்பது பக்க எண்ணிலிருந்து தெரியாது. ஆகவே அதைப் பற்றி எதுவும் சொல்லக் கூடாது. தோழி எழுதியது: “31: தொடக்கப் பக்கம் இதழில் வேறாக இருக்கிறது, சரியான எண்ணை ஓரத்தில் எழுதியிருக்கிறேன். இந்தப் பதிவு வேறொரு பட்டியலிலிருந்து வந்திருக்கலாம் என்று நினைக்கிறேன், அங்கேயும் இதே எண்தான். மூலக் கட்டுரை உன்னிடம் இல்லையென்றால் என்னிடம் பிரதி இருக்கிறது, அனுப்புகிறேன். அதைப் பார்க்க நேரமில்லையென்றால், எந்த நூலின் வழியாக எடுத்தாய் என்று அடிக்குறிப்பில் சொல்லிவிட்டால் போதும், அது ஒப்புக்கொண்ட முறைதான்.” குற்றம் சுமத்தாமலும், தெரிந்ததை மறைக்காமலும் இருக்கிறது. நண்பர் எந்த நிலையில் இருந்தாலும் அவருக்கு மானம் போகாத ஒரு வழி திறந்திருக்கிறது.

திருத்துபவர் எங்கே சரிபார்த்தார் என்பதையும் ஒவ்வொரு குறிப்பிலும் சொல்லவேண்டும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய நூல்களின் தலைப்புப் பக்கங்களையே படமாகப் பார்க்கலாம். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தின் பட்டியலும், இலங்கை நூல்களுக்கு நூலகம் தளமும் உண்டு. தலைப்புப் பக்கத்தைக் கண்ணால் பார்த்துத் திருத்தியதும், நூலகப் பட்டியலை நம்பித் திருத்தியதும் ஒன்றல்ல. நூலகப் பட்டியல்களிலும் மறுபதிப்பு ஆண்டு முதற்பதிப்பாக ஏறியிருப்பது சகஜம். “தலைப்புப் பக்கம் பார்த்தேன்”, “பட்டியலில் மட்டும் பார்த்தேன்” என்று இரண்டே சொற்றொடர்களால் இந்த வேறுபாட்டைக் காட்டிவிடலாம்.

எதைத் தொடாமல் விடுவது என்பதும் இந்த வேலையில் சேர்ந்தது. ஊர்ப்பெயருக்குப் பின் முக்காற்புள்ளியா காற்புள்ளியா, “இரண்டாம் பதிப்பு” என்பதைச் சுருக்கலாமா என்பவை எல்லாம் தொகுப்பாசிரியரின் விருப்பம். பட்டியலுக்குள் ஒரே மாதிரி இருந்தால் அவற்றில் கை வைக்க வேண்டியதில்லை. இப்படிப்பட்ட இடங்களில் தனக்குப் பிடித்த முறையைத் திணிப்பதால், நாற்பது பதிவில் அறுபது குறி விழுந்து, கலித்தொகைப் பிழை காற்புள்ளிகளுக்கு நடுவே தொலைந்துபோகும். தோழிக்கும் “மு.ப.” என்ற சுருக்கம் பிடிக்காது. கடைசியில் ஒரு வரியாக அதைச் சொல்லி, “இது என் பிடிவாதம், விட்டுவிடு” என்று எழுதினார். குறி போடவில்லை.

கடிதத்தின் தலைப்பகுதியைக் கடைசியில் எழுதுவதே வசதி, அப்போதுதான் மொத்தமும் தெரியும். பாராட்டை வேண்டுமென்றே தேடி முன்னால் ஒட்டினால் அது எல்லோருக்கும் தெரிந்த உத்தியாகிவிட்டது. “ஆனால்” எப்போது வரும் என்று படிப்பவர் காத்திருப்பார். பயன்படும் செய்தியை முன்னால் வைப்பது மேல். தோழி தொடங்கியது: “பட்டியல் பார்த்தாயிற்று. உண்மையிலேயே மாற்ற வேண்டியது மூன்று: 3, 27, 31. மென்பொருளால் வந்தவை பதினைந்து. கேள்வி மட்டும் கேட்டிருப்பவை ஐந்து. மற்றவை எல்லாம் தலைப்புப் பக்கத்தோடு ஒத்துப்போகின்றன, அவற்றை நீ மறுபடி பார்க்க வேண்டியதில்லை.” கடைசி வாக்கியம் பாராட்டாகவும் ஆகிறது, நண்பரின் ஒரு நாள் உழைப்பையும் மிச்சப்படுத்துகிறது. அச்சுக்குப் போகும் நாள் நெருங்கியிருந்தால் முதல் மூன்றை மட்டும் செய்துவிட்டு மற்றதை மெய்ப்பில் பார்க்கலாம் என்று முடிவு செய்யவும் அவரால் முடியும்.

பதில் இரண்டு நாளில் வந்தது. கலித்தொகை திருத்தப்பட்டது, கட்டுரையின் நாலாம் பக்கத்து வாக்கியம் தாமோதரம் பிள்ளையின் பதிப்புரையிலிருந்து எடுத்ததுதான் என்று உறுதியாயிற்று. ஜய வருட நூலின் பின்னட்டையில் தேதி எதுவும் இல்லை, ஆனால் உள்பக்கத்தில் இரண்டாம் பதிப்பு என்று சிறிய எழுத்தில் இருந்தது. 1955 என்று போட்டு, பக்கத்தில் தமிழ் ஆண்டையும் மாதத்தையும் அப்படியே கொடுப்பதென முடிவாயிற்று. பெயர்களைப் பற்றிய குறிப்பை மட்டும் எழுதியவர் ஏற்கவில்லை. அந்தத் தொகுப்பு ஆங்கிலக் கட்டுரைகளும் கலந்தது. கடைசிச் சொல்லை முன்னால் வைக்கும் முறையை எல்லோருக்கும் ஒன்றாகத் தொகுப்பாசிரியர் கேட்டிருக்கிறார். தோழி பன்னிரண்டு குறிகளையும் அழித்துவிட்டு, “தாமோதரம் பிள்ளை: ‘பிள்ளை’ என்ற இடத்தில் காண்க” என்று தகரத்தில் ஒரு வரி சேர்க்க முடியுமா என்று மட்டும் கேட்டார். தொகுப்பாசிரியர் அதற்குச் சம்மதித்தார்.